புஷ்ஷுக்குப் பின்னால் ஒளியும் விரிசல்: விமான லக்கைச் சோதிக்கும் வரிசை

இறக்கையையோ லேண்டிங் கியரையோ தாங்கும் ஃபிட்டிங்கின் நுனியில் ஊசிக்காது மாதிரி ஒரு துளையுள்ள பகுதி இருக்கும். அதற்குப் பெயர் லக். துளைக்குள் ஒரு எஃகு புஷ்ஷை இறுக்கமாக அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். போல்ட் அந்தப் புஷ்ஷுக்குள் போகும். விரிசல் புஷ்ஷின் வெளிச்சுவருக்கும் அலுமினியத் துளைக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டாத இடத்தில் பிறக்கும்.

இந்த ஒரு பாகத்துக்கே எடி கரண்ட், அல்ட்ராசவுண்ட், டை பெனட்ரன்ட் மூன்றும் தேவைப்படும். புதிதாக வருகிறவர்கள் மூன்றையும் தனித்தனியாக நன்றாகவே கற்றிருக்கிறார்கள். தடுமாறுவது வரிசையில்தான். ஒரு வேலையை முன்னால் செய்துவிட்டால் அடுத்த சோதனை குருடாகிவிடும் என்பது யாரும் சொல்லாமல் தெரிவதில்லை.

கீழே வரும் அளவுகள் என் மேசைக்கு வந்த ஒரு லக்கை வைத்துச் சொல்பவை. 7075-டி73 அலுமினிய ஃபோர்ஜிங். லக்கின் வளைந்த நுனியின் ஆரம் 30 மி.மீ.; புஷ் உட்காரும் துளையின் விட்டம் 40 மி.மீ.; லக்கின் தடிமன் 25 மி.மீ. உங்கள் விமானத்துக்கு உற்பத்தியாளரின் என்.டி.டி. கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் செல்லும். இங்கே இருப்பது அந்தக் கையேட்டின் வரிகளுக்குப் பின்னால் உள்ள காரணம்.

## 1. கருவியை எடுக்கும் முன் விரிசலை வரைந்து பாருங்கள்

ஒரு தாளில் லக்கை வரையுங்கள். நுனிப் பக்கம் 12 மணி. போல்ட் லக்கை நுனி நோக்கி இழுக்கிறது என்றால், துளையின் இரு ஓரங்களிலும், அதாவது 3 மணியிலும் 9 மணியிலும், தகைவு உச்சத்தில் இருக்கும். அங்கேதான் உலோகத்தின் அகலமும் குறைவு. புஷ்ஷும் துளையும் நுணுக்கமாக உரசிக்கொள்வதால் பிறப்பிடம் கொஞ்சம் முன்பின் நகரலாம். ஆனால் திசை மாறாது: துளைச் சுவரில் தொடங்கி ஆரத்தின் வழியே வெளிநோக்கி வளரும்.

இதை முதலில் வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எடி கரண்டும் சரி, அல்ட்ராசவுண்டும் சரி, விரிசலைக் குறுக்கே வெட்டினால்தான் பேசும். விரிசல் எந்தத் திசையில் ஓடும் என்று தெரியாமல் ப்ரோப்பை நகர்த்துவது இருட்டில் கை துழாவுவதுதான்.

வரைந்த தாளில் "எந்தப் பக்கம் நின்று பார்த்தால்" என்பதையும் எழுதுங்கள். ஒருமுறை ஒரு புதுப் பையன் 3 மணியில் சிக்னல் என்று எழுதினான். அவன் நின்றது உட்பக்கம். புஷ்ஷைக் கழற்றியவர்கள் வெளிப்பக்கம் நின்று 3 மணியைத் தேடினார்கள். எதிர்ப் பக்கத்தில் இருந்த விரிசலைத் தவறவிட்டு, சோதனையே தவறு என்று முடிவுகட்டப் பார்த்தார்கள்.

## 2. தயாராக இருக்க வேண்டியவை

முதலில், லக்கின் மேல் சுமை இருக்கக் கூடாது. விமானத்தை ஜாக்கில் ஏற்றி அந்த மூட்டைத் தளர்த்துங்கள். விமானத்தின் எடை லக்கை அமுக்கிக்கொண்டிருந்தால் விரிசலின் இரு முகங்களும் இறுக ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒலி திரும்பாமல் விரிசலைக் கடந்தே போய்விடும். பெனட்ரன்ட் திரவத்துக்கு நுழைய வழியும் இருக்காது.

இரண்டாவது, ரெஃபரன்ஸ் லக். அதே உலோகக் கலவையில், அதே ஆரத்தில், உள்ளே புஷ்ஷும் பொருத்தி, துளைச் சுவரில் 1 மி.மீ. ஆழ நாட்ச் வெட்டிய துண்டு. தட்டையான பிளாக்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வளைவும் புஷ்ஷும் இல்லாத பிளாக், வளைவும் புஷ்ஷும் தரும் சிக்னலைக் கற்றுத்தராது. எடி கரண்டுக்கு 0.2, 0.5, 1 மி.மீ. நாட்ச் உள்ள அலுமினிய பிளாக் தனியாக வேண்டும்.

மூன்றாவது, நீங்கள். என்.ஏ.எஸ். 410 அல்லது ஈ.என். 4179 முறையில் அந்தந்தச் சோதனைக்குத் தனித்தனியாகத் தகுதி பெற்றிருக்க வேண்டும். கிட்டப் பார்வைச் சோதனை ஆண்டுதோறும். எடி கரண்டில் தகுதி பெற்றவர் "பெனட்ரன்ட் தானே, ஸ்ப்ரே அடிப்பதுதானே" என்று இறங்குவதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட ஹேங்கர்களில் பார்த்திருக்கிறேன். மூன்றிலும் சுலபமாகத் தோன்றி அதிகமாக ஏமாற்றுவது பெனட்ரன்ட்தான்.

## 3. கிரீஸை எடுங்கள், பெயின்டைத் தொடாதீர்கள்

கரைப்பானில் நனைத்த துணியால் கிரீஸையும் அழுக்கையும் துடையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயர் பிரஷ், எமரி தாள், மணல் வீச்சு எதுவும் வேண்டாம். அலுமினியம் மென்மையான உலோகம். தேய்த்தால் மேல்தோல் இழுபட்டு விரிசலின் வாயை மெழுகு பூசியது மாதிரி மூடிவிடும். பளபளவென்று தேய்த்துவைத்த லக்கில் பெனட்ரன்ட் ஒன்றும் காட்டாது. எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார்கள்.

பெயின்ட் ஒழுங்காக ஒட்டியிருந்தால் முதல் இரண்டு சோதனைகளுக்கும் அது தடையில்லை. செதிலாக உரிந்திருந்தால் மட்டும் அந்த இடத்தில் ரசாயன ஸ்ட்ரிப்பர் கொண்டு எடுங்கள்.

## 4. முதலில் எடி கரண்ட், லக்கின் முகத்தில்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம், இது எதையும் கெடுக்காது. திரவம் இல்லை, பெயின்டை உரிக்க வேண்டியதில்லை, புஷ்ஷைக் கழற்ற வேண்டியதில்லை.

ப்ரோப்பின் நுனியில் உள்ள சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது கீழே உள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டங்கள் எழும். விரிசல் குறுக்கே வந்தால் அவை சுற்றிப் போக வேண்டியிருக்கும். சுருளின் மின்மறுப்பு மாறும். திரையில் புள்ளி நகரும். எவ்வளவு ஆழம் வரை இது வேலை செய்யும் என்பதை அதிர்வெண்ணும் உலோகத்தின் மின்கடத்துதிறனும் முடிவு செய்கின்றன.

```
δ (mm) = 661 / √(f × σ)
```

இதில் f ஹெர்ட்ஸில். σ என்பது தூய செம்பை நூறாக வைத்துச் சொல்லும் கடத்துதிறன் சதவீதம். 7075-டி73க்கு அது ஏறக்குறைய 39. 200 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் ஆழம் 0.24 மி.மீ. வரும். அந்த ஆழத்தில் மின்னோட்டம் மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகக் குறைந்துவிடும்.

"அப்படியென்றால் அதிர்வெண்ணைக் குறைத்து இன்னும் ஆழமாகப் பார்க்கலாமே?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். பார்க்கலாம். 2 கிலோஹெர்ட்ஸில் ஆழம் பத்து மடங்காகி 2.4 மி.மீ. ஆகும். ஆனால் மின்னோட்டம் பரவலாகிவிடுவதால் சின்ன விரிசல் அதில் தொலைந்துபோகும். நமக்கு வேண்டியது முகத்தில் தலைகாட்டும் சின்ன விரிசல். 200ஐ விட்டு இறங்காதீர்கள்.

கேலிப்ரேஷன் இப்படி: ப்ரோப்பை பிளாக்கின் மேல் வைத்து ஜீரோ செய்யுங்கள். மெல்லத் தூக்குங்கள். புள்ளி ஒரு பக்கமாக ஓடும், அதுதான் லிஃப்ட்-ஆஃப். அந்த ஓட்டம் கிடைக்கோடாக வரும்வரை ஃபேஸைத் திருப்புங்கள். இப்போது 0.5 மி.மீ. நாட்சைக் கடந்தால் புள்ளி மேல்நோக்கி எழும். கை நடுங்கினால் பக்கவாட்டில், விரிசல் வந்தால் மேலே. இந்தப் பிரிவு சரியாக அமையாவிட்டால் அடுத்த ஒரு மணி நேரமும் வீண்.

பலர் விடும் இடம் ஒன்று உண்டு. லக்கின் மேல் பெயின்ட் இருக்கிறது, பிளாக்கின் மேல் இல்லை. பெயின்டின் தடிமனுக்குச் சமமான பிளாஸ்டிக் டேப்பை பிளாக்கின் மேல் ஒட்டி அதன் மேல் கேலிப்ரேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் உண்மையான லக்கில் சிக்னல் சிறுத்து வரும். அதைச் சத்தம் என்று தள்ளிவிடுவீர்கள்.

அப்புறம் ஸ்கேன். புஷ்ஷின் விளிம்பு லக்கின் முகத்தின் மேல் வாஷர் மாதிரி படிந்திருக்கும். அது எஃகு, காந்தத்தன்மை உள்ளது. பக்கத்தில் போனாலே புள்ளி எங்கோ பாயும். கவசமிட்ட பென்சில் ப்ரோப்பை எடுத்து, வட்டமான ஒரு பிளாஸ்டிக் வழிகாட்டியை வைத்து, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் சுற்றி வாருங்கள். தூரம் மாறாதவரை அந்தப் பாதிப்பும் மாறாது. கேலிப்ரேஷன் பிளாக்கிலும் அதே தூரத்தில் ஒரு எஃகு வாஷரை வைத்துப் பழகிக்கொள்ளலாம்.

என் லக்கில் இந்தச் சுற்றில் ஒன்றும் வரவில்லை. அதற்கு என்ன பொருள் என்பதை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். விளிம்பு துளையிலிருந்து 4 மி.மீ. வெளியே வந்து படிந்திருக்கிறது. ஆகவே "4 மி.மீ.க்கு மேல் வளர்ந்து முகத்தில் வெளியே வந்த விரிசல் இல்லை" என்பதுதான் கிடைத்த பதில். விரிசலே இல்லை என்பது அல்ல. விளிம்புக்கு அடியில் இருப்பதைப் பார்க்க அடுத்த கருவி.

## 5. அல்ட்ராசவுண்ட்: கணக்கு முதலில், ப்ரோப் பிறகு

புஷ் உள்ளே இருக்கும்போதே துளைச் சுவரைப் பார்க்க ஒரே வழி, லக்கின் வளைந்த வெளிப்புறத்திலிருந்து ஒலியைச் சாய்வாக அனுப்புவது. கற்றை துளையை உரசிக்கொண்டு போக வேண்டும். அப்படிப் போனால் ஆரத்தின் வழியே வளரும் விரிசலின் முகத்தில் செங்குத்தாக மோதி வந்த வழியே திரும்பும்.

லக்கின் மையத்திலிருந்து கற்றை எவ்வளவு தள்ளிப் போகும் என்பதற்கு எளிய கணக்கு:

```
d = R × sin θ
```

R என்பது வெளி ஆரம், 30 மி.மீ. θ என்பது உலோகத்துக்குள் கற்றையின் சாய்வு. துளையின் ஆரம் 20. ஒரு மி.மீ. விரிசலின் நடுவில் அடிக்க வேண்டுமென்றால் d ஏறக்குறைய 20.5 ஆக இருக்க வேண்டும். அதற்கு θ 43 பாகை.

43 பாகை ப்ரோப்புக்கு எங்கே போவது? பெட்டியில் இருக்கும் "45" என்று அச்சிட்ட ப்ரோப்பே அதுதான். அந்த 45 எஃகுக்கானது. எஃகில் குறுக்கலை நொடிக்கு ஏறக்குறைய 3,240 மீட்டர் வேகத்தில் போகிறது, அலுமினியத்தில் 3,130. வேகம் குறைவதால் அதே பெர்ஸ்பெக்ஸ் ஆப்பு அலுமினியத்தில் 43 பாகையைத்தான் தரும். இந்த லக்கில் அது நமக்கு வசதியாக அமைந்தது. வேறு அளவுள்ள லக்கில் இதே இரண்டு பாகை கற்றையைப் புஷ்ஷின் மேலேயே மோதவைத்துவிடும். அச்சிட்ட எண்ணை நம்பிக் கணக்கைத் தவிர்ப்பதுதான் நான் பார்த்ததில் மிகப் பொதுவான பிழை.

ஆப்பின் அடி தட்டையாக இருந்தால் வளைந்த பரப்பில் தொட்டில் மாதிரி ஆடும்; கோணம் நிலைக்காது. 30 மி.மீ. ஆரத்துக்குச் செதுக்கிய ஆப்பு வேண்டும். 5 மெகாஹெர்ட்ஸ் போதும். அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 0.63 மி.மீ.; நாம் தேடும் அளவுக்கு அது பொருந்தும்.

ரெஃபரன்ஸ் லக்கில் 1 மி.மீ. நாட்சின் எதிரொலியைத் திரையின் 80 சதவீத உயரத்துக்கு வையுங்கள். ஒலி போகும் தூரம் 22 மி.மீ. அந்த இடத்தைச் சுற்றிக் கேட்டை அமைத்து, உங்கள் கையேட்டின் எல்லையைக் குறியுங்கள். எங்கள் கையேட்டில் 40 சதவீதத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும்.

இப்போது லக்கில். கப்ளன்ட் ஜெல்லைத் துளி அளவு மட்டும், வெளி வளைவில் மட்டும் தடவுங்கள். தண்ணீரில் கழுவக்கூடியதாக இருக்கட்டும். அவசரத்துக்கு கிரீஸைத் தடவுகிறவர்கள் உண்டு. அது முகத்தில் வழிந்து புஷ்ஷின் இடுக்கில் இறங்கினால், பின்னால் வரப்போகும் பெனட்ரன்டுக்கு முன்பே விரிசலின் வாயை அடைத்துவிடும்.

ப்ரோப்பை வளைவின் மேல் மெதுவாகச் சுற்றுங்கள். சிக்னல் வந்ததும் ப்ரோப்புக்கு நேர் கீழே குறி போட்டுவிடாதீர்கள். கற்றை துளையைத் தொடும் இடம் ப்ரோப்பிலிருந்து 47 பாகை தள்ளி, அதாவது கடிகாரக் கணக்கில் ஒன்றரை மணிக்கும் சற்று அதிகமான தூரத்தில் இருக்கிறது. என் லக்கில் ப்ரோப் ஏறக்குறைய ஒன்றரை மணியில் நிற்கும்போது 22 மி.மீ. தூரத்தில் ஒரு எதிரொலி 45 சதவீதத்துக்கு எழுந்தது. ஆக, விரிசல் இருந்தால் அது 3 மணியில்.

எதிர்த் திசையிலிருந்தும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து 3 மணியைப் பார்க்க ப்ரோப் நாலரை மணியில் நிற்க வேண்டும். அங்கே லக்கின் வளைவு முடிந்து நேர்ப்பக்கம் தொடங்கிவிடுகிறது. இந்த வரம்பை அறிக்கையில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் இரு திசையும் பார்த்ததாகவே அடுத்தவர் நினைத்துக்கொள்வார்.

அப்படியென்றால் விரிசலை எப்படி உறுதிசெய்வது? ஏமாற்றுகிறவர்கள் இரண்டு பேர். ஒன்று, கிரீஸ் போகும் சிறு துளை. அது பெரிதாக எதிரொலிக்கும்; ஆனால் வரைபடத்தில் அதன் இடம் இருக்கும். மற்றொன்று, உரசலில் துளைச் சுவரில் வந்த குழிகள். அவற்றின் எதிரொலியும் 22 மி.மீ. அருகிலேயே வருவதால் தூரத்தை வைத்துப் பிரிக்க முடியாது. ப்ரோப்பைச் சுற்றிப் பாருங்கள். குழிகள் புல் முளைத்த மாதிரி வட்டத்தின் பெரும்பகுதியிலும் தாழ்வாக நிற்கும். விரிசல் ஒரே இடத்தில் எழுந்து, சற்று நகர்ந்து, விழும். நான் இன்னொன்றும் செய்தேன்: மறு இறக்கையில் இதே இடத்தில் உள்ள லக்கையும் பார்த்தேன். அங்கே புல் மட்டும்தான். சரி, புஷ்ஷைக் கழற்றுவது என்று முடிவானது.

## 6. புஷ்ஷைக் கழற்றிய பிறகு சுத்தம்

புஷ்ஷை இழுத்தெடுக்கும்போது துளைச் சுவரில் நீளவாட்டில் கீறல்கள் விழும். நாம் தேடும் விரிசலும் சுவரில் நீளவாட்டில்தான் ஓடும். இதை நினைவில் வையுங்கள். அடுத்த படியில் இது தொல்லை தரும்.

துளைக்குள் உள்ள பிரைமரையும் பழைய சீலன்டையும் ரசாயனத்தால் எடுங்கள். சுரண்டாதீர்கள். கீறலில் உலோகம் இழுபட்டு ஈஷியிருந்தால், கையேடு அனுமதித்த எட்ச் திரவத்தால் மெலிதாக அரித்து, நன்றாகக் கழுவி நடுநிலைப்படுத்துங்கள். பிறகு முழுக்க உலரவிடுங்கள். விரிசலுக்குள் தண்ணீரோ கரைப்பானோ மிச்சமிருந்தால் பெனட்ரன்ட் நுழைய இடமில்லை.

இந்த நேரத்தில் ரீமரைத் தொடவே கூடாது. மெஷின் ஷாப்பிலிருந்து ஒருவர் வந்து "ஒரு லேசான கட் போட்டுக் கொடுத்துவிடட்டுமா, சுத்தமாகத் தெரியுமே" என்பார். ரீமர் அலுமினியத்தை இழுத்து விரிசலின் வாயை மூடும். சுத்தமாகத்தான் தெரியும்.

## 7. பெனட்ரன்ட்

ஒளிரும் பெனட்ரன்ட் மட்டும். சிவப்புச் சாயம் வேண்டவே வேண்டாம். விமானப் பாகத்தின் இறுதி முடிவுக்குச் சிவப்பை ஏற்பதில்லை என்பது ஒரு பக்கம். அதைவிட, ஒருமுறை சிவப்பு உள்ளே போய்விட்டால் பின்னால் போடும் ஒளிரும் சாயத்தின் ஒளியை அது கொன்றுவிடும். "சீக்கிரம் ஒரு பார்வை" என்று அடித்த சிவப்பு ஸ்ப்ரே அந்த லக்கை நிரந்தரமாகவே பாழாக்கலாம்.

திரவத்தைத் துளைச் சுவரிலும் முகத்திலும் தடவி ஊறவிடுங்கள். பத்து நிமிடம் என்பது குறைந்தபட்சம். சோர்வு விரிசல் மிக ஒடுக்கமானது; நான் அரை மணி நேரம் கொடுப்பேன். இடையில் காய்ந்துவிடாமல் பாருங்கள். உலோகத்தின் வெப்பநிலை 4 முதல் 52 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கும் விமானத்தின் உலோகம் சுலபமாக 52ஐத் தாண்டும். காற்றின் வெப்பத்தை அல்ல, உலோகத்தின் வெப்பத்தை அளவுங்கள்.

மிகையான திரவத்தை எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் உலர்ந்த துணி. பிறகு கரைப்பானில் லேசாக ஈரமாக்கிய துணி. கரைப்பானைப் பரப்பின் மேல் நேரடியாக ஸ்ப்ரே செய்தால் விரிசலுக்குள் இருப்பதும் கழுவிப்போகும். புற ஊதா விளக்கைக் காட்டிக்கொண்டே துடையுங்கள். பின்னணி ஒளி மங்கியதும் நிறுத்துங்கள்.

டெவலப்பரை மெல்லிய பனிபோலத் தூவுங்கள். உலோகத்தின் நிறம் அடியில் லேசாகத் தெரிய வேண்டும். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குறைந்தது பத்து நிமிடம் பொறுங்கள். பார்க்கும் இடத்தை இருட்டாக்கி, வெள்ளை ஒளி 20 லக்ஸுக்கு மேல் போகாமல், புற ஊதா விளக்கு 38 செ.மீ. தூரத்தில் குறைந்தது 1000 µW/cm² தருகிறதா என்று மீட்டரில் பாருங்கள். கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடமாவது கொடுங்கள். வெயிலில் கறுக்கும் கண்ணாடியைக் கழற்றிவையுங்கள். புற ஊதாவில் அதுவும் கறுக்கும்.

துளைக்குள் பார்ப்பது கடினம்தான். 1996 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் பென்சகோலாவில் ஓர் எம்.டி.-88 விமானத்தின் எஞ்சின் விசிறி ஹப் உடைந்து இரண்டு பயணிகள் இறந்தார்கள். விரிசல் ஒரு டை-ராட் துளையின் சுவரில் இருந்தது. அந்த ஹப் ஒளிரும் பெனட்ரன்ட் சோதனையைத் தாண்டி வந்த ஒன்று. ஆகவே சிறு கண்ணாடியோ போர்ஸ்கோப்போ வைத்து, துளையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என் வழக்கம் ஒன்று உண்டு. அல்ட்ராசவுண்ட் எங்கே காட்டியது என்று தெரியாத ஒருவரிடம் பெனட்ரன்டைக் கொடுப்பேன். 3 மணியில் இருக்கிறது என்று தெரிந்தவர் 3 மணியை மட்டுமே பார்ப்பார்.

அவர் மூன்று கோடுகளைச் சொன்னார்: இரண்டு சுவரில் மட்டும், ஒன்று 3 மணியில் சுவரிலிருந்து முகத்துக்கு வளைந்து வருவது. எது கீறல், எது விரிசல்? கரைப்பானில் தோய்த்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றையும் ஒரே ஒருமுறை துடைத்து, திரும்ப டெவலப்பரைத் தூவினோம். கீறலில் ஆழம் இல்லை. திரவம் அங்கேயே தீர்ந்தது. 3 மணிக் கோடு மட்டும் சில நிமிடத்தில் மறுபடி கசிந்து ஒளிர்ந்தது. முகத்தில் 0.7 மி.மீ., சுவரின் நீளத்தில் 7 மி.மீ. முழுக்கவும் புஷ் விளிம்பு மூடியிருந்த பகுதிக்குள்தான். எடி கரண்ட் முகத்தில் ஒன்றும் காட்டாததற்குக் காரணம் இதுதான்.

## 8. துளைக்குள் எடி கரண்ட், வெட்டு, மறுபடி எடி கரண்ட்

பெனட்ரன்டைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, துளையின் விட்டத்துக்குப் பொருந்தும் எடி கரண்ட் ப்ரோப்பை உள்ளே விடுங்கள். காலர் வைத்து ஆழத்தை 1 மி.மீ. வீதம் மாற்றி, ஒவ்வோர் ஆழத்திலும் ஒரு முழுச் சுற்று. படி இதைவிடப் பெரிதானால் சுருளின் பார்வைக்கு இடையில் சின்ன விரிசல் நழுவும். விரிசல் கூர்மையாக எழுந்து விழும். துளை நீள்வட்டமாகியிருந்தால் புள்ளி மெதுவாக அலைபோல ஆடும். குழி அகலமாக வரும். விரிசலின் இரு முனைகளையும் பேனாவால் குறியுங்கள்.

கையேடு இந்தத் துளையை 42 மி.மீ. விட்டம் வரை பெரிதாக்க அனுமதித்தது. அரை அரை மி.மீ.யாக விட்டத்தைக் கூட்டி வெட்டி, வெட்டுக்கு வெட்டு எடி கரண்ட் வைத்தோம். இங்கே பெனட்ரன்ட் உதவாது, ஏனென்றால் ரீமர் வாயை மூடியிருக்கும். எடி கரண்டை அந்த மெல்லிய ஈஷல் ஏமாற்றாது.

41 மி.மீ.யில் சிக்னல் சிறுத்திருந்தது, ஆனால் இருந்தது. 41.5இல் இல்லை. மெஷினில் நின்றவர் "முடிந்ததா சார்?" என்றார். முடியவில்லை. நம் கேலிப்ரேஷன் 0.5 மி.மீ. நாட்சில் செய்தது. சிக்னல் இல்லை என்றால் அந்த அளவுக்கு விரிசல் இல்லை என்றுதான் பொருள். அதைவிடச் சிறிய வால் உள்ளே இருக்கலாம். அதனால்தான் சிக்னல் மறைந்த பிறகும் இன்னொரு வெட்டு. அதில் 42ஐத் தொட்டோம், அனுமதியின் எல்லையிலேயே. வால் தங்கியிருந்தால் ஃபிட்டிங்கே மாறியிருக்கும்.

42இல் மறுபடி ஒரு முழு ஸ்கேன், சுத்தம். துளைக்குப் பாதுகாப்புப் பூச்சு, பெரிய விட்டத்தில் புதுப் புஷ்.

## 9. பதிவில் மறக்காமல் எழுத வேண்டியது

கண்டது, அளவு, எந்தப் பக்கம் நின்று பார்த்த மணி, ஒரு திசையில் மட்டும் பார்க்க முடிந்தது, எத்தனை வெட்டு, இறுதி விட்டம். இவற்றைப் பெரும்பாலும் எல்லோரும் எழுதிவிடுகிறார்கள்.

விடுபடுவது இது. துளையின் ஆரம் இப்போது 20 அல்ல, 21. பழைய 43 பாகை ஆப்பு மையத்திலிருந்து 20.5 மி.மீ.யில்தான் போகும், அதாவது நேராகப் புதுப் புஷ்ஷின் மேல் மோதும். 1 மி.மீ. விரிசலின் நடுவில் அடிக்க இனி 21.5 வேண்டும், அதற்கு ஏறக்குறைய 46 பாகை. அடுத்த பரிசோதனைக்கு வருகிறவர் பழைய ஆப்பையும் பழைய ரெஃபரன்ஸ் லக்கையும் எடுத்தால், கேலிப்ரேஷன் அழகாக வரும், லக்கும் அமைதியாக இருக்கும், கற்றை விரிசல் வரக்கூடிய இடத்துக்குப் போயே இருக்காது. அந்த லக்கின் கார்டில் புது கோணத்தையும், 42 மி.மீ. துளையுள்ள ரெஃபரன்ஸ் தேவை என்பதையும் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன்.